விடை திருத்தும் சிறிய மொடல்: எவ்வளவு மலிவு, எவ்வளவு இழப்பு?

தவணைப் பரீட்சை முடிந்ததும் ஆசிரியர்களின் மேசைகளில் விடைத்தாள் கட்டுகள் குவிந்துவிடும். பல்தேர்வு வினாக்களைச் சரியான விடைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் திருத்தலாம். கட்டுரை வினாவைத் திருத்துவது அப்படியல்ல. ஒரே கருத்தை முப்பது மாணவிகள் முப்பது விதமாக எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் வாசித்து, புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டு, சரியா பிழையா என்று முடிவு செய்யப் பாடம் தெரிந்த ஒருவர் வேண்டும். அவருடைய நேரமும் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு மொழி மொடல்களைக் கொண்டு கருவிகள் செய்வோருக்கும் இதே சிக்கல் இருக்கிறது. அவர்களுடைய கருவி எழுதும் விடைகளும் கட்டுரை வடிவில்தான் வருகின்றன. அவை சரியா என்று யாராவது பார்க்க வேண்டும். கருவியில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும் எல்லா விடைகளையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மனிதர்களை உட்காரவைத்துத் திருத்த முடியாது என்பதால், விடை திருத்தும் வேலையை இன்னொரு மொழி மொடலிடம் கொடுக்கும் வழக்கம் வந்தது. ஒரு மொடல் விடை எழுதும், இன்னொரு மொடல் திருத்தும்.

அந்தத் திருத்தும் மொடல் பெரியதாக இருக்க வேண்டுமா, அல்லது சிறியதும் மலிவானதுமான ஒன்று போதுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. சிறியதைத் தெரிவு செய்தால் துல்லியத்தில் எவ்வளவு இழக்கிறோம் என்பதை எப்படி அளப்பது? மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு கழித்தல் கணக்குப் போலத் தோன்றும். ஆனால் அந்தக் கழித்தல் சொல்லாமல் விடும் ஒரு விடயம் இருக்கிறது. அதைத்தான் விளக்கப்போகிறேன்.

செலவு எங்கிருந்து வருகிறது?

மொழி மொடல்கள் எழுத்தை அப்படியே வாசிப்பதில்லை. அதைச் சிறு துண்டுகளாக உடைத்து வாசிக்கின்றன. அந்தத் துண்டை டோக்கன் என்பார்கள். இணையவழியாக ஒரு மொடலைப் பயன்படுத்தும்போது அது வாசிக்கும் டோக்கன்களுக்கும் எழுதும் டோக்கன்களுக்கும் பணம் கட்டுகிறோம். மொடல் பெரிதாக ஆகக் கணிப்பு வேலை கூடும், ஒரு டோக்கனின் விலையும் கூடும்.

இதில் தமிழுக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. பெரும்பாலான மொடல்களின் துண்டாக்கும் முறை ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஆங்கிலச் சொல் ஒன்று பல வேளைகளில் ஒரே டோக்கனாக அமையும். அதே கருத்துள்ள தமிழ்ச் சொல்லோ பல துண்டுகளாக உடையும். அதனால் ஒரே விடயத்தைத் தமிழில் திருத்துவதற்கு ஆங்கிலத்தைவிடச் சில மடங்கு டோக்கன்கள் தேவைப்படலாம். தமிழில் கருவி செய்கிறவருக்கு மலிவான மொடல் ஆடம்பர விருப்பமல்ல. வேலையைத் தொடர்ந்து செய்ய முடியுமா இல்லையா என்பதையே அது தீர்மானிக்கலாம்.

சென்னையிலிருந்து ஒரு சான்று

இந்தக் கேள்வியை நம் பக்கத்து மொழிகளுக்காக ஆராய்ந்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'ஏஐ4பாரத்' என்ற ஆய்வுக்குழு இயங்குகிறது. அவர்கள் 2024இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தால் இந்த விடயம் நன்றாக விளங்கும்.

முதலாவது ஆய்வு, திருத்தும் மொடல்களையே பரீட்சைக்கு உட்படுத்தியது. ஆய்வாளர்கள் நல்ல விடைகளை எடுத்து அவற்றில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தினார்கள். ஓர் உண்மையை மாற்றினார்கள், ஒரு கணக்கைக் குழப்பினார்கள், கேட்ட அறிவுறுத்தல் ஒன்றை மீறினார்கள். இப்படி 22 வகைப் பிழைகள் கொண்ட 2,400 விடைகளைத் தயாரித்து, ஐந்து மொடல்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். விடையின் தரம் குறைந்திருக்கிறது என்பதைத் திருத்தும் மொடல் கண்டுகொள்கிறதா என்பதே சோதனை. சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட சந்தர்ப்பங்களில் அவை கண்டுகொள்ளவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மேற்கோள் விடையைக் கையில் கொடுத்தபோது மொடல்கள் ஓரளவு நன்றாகத் திருத்தின. பரீட்சகரிடம் புள்ளித்திட்டம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் இது.

இரண்டாவது ஆய்வில் அதே குழுவினர் 'ஹெர்குலே' என்ற திருத்தும் மொடலை உருவாக்கினார்கள். ஆங்கிலமல்லாத மொழிகளில் மேற்கோள் விடைகள் கிடைப்பது அரிது. அதனால் ஆங்கிலத்தில் உள்ள மேற்கோள் விடையை வைத்துக்கொண்டு மற்ற மொழியில் எழுதிய விடைக்குப் புள்ளியிட அதைப் பயிற்றினார்கள். அதைச் சோதிக்க 'ரீகான்' என்ற தொகுதியையும் செய்தார்கள். அதில் 500 வினாக்கள், ஆறு மொழிகளில் மனிதர் இட்ட புள்ளிகளோடு இருந்தன. இந்தி, தெலுங்கு, வங்காளம், உருது ஆகியன அவற்றுள் அடங்கும். தமிழ் இல்லை. இந்த வேலைக்கென்றே பயிற்றப்பட்ட ஹெர்குலே, பெரிய நிறுவனங்கள் விற்கும் பொதுவான மொடல்களைவிட மனிதப் புள்ளிகளோடு அதிகம் ஒத்துப்போனது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு கிடைக்கிறது. பெரியது என்பதால் மட்டும் ஒரு மொடல் நல்ல பரீட்சகர் ஆகிவிடாது, சிறியது என்பதால் மட்டும் அதை ஒதுக்கிவிடவும் முடியாது. இரண்டையும் மனிதர் இட்ட புள்ளியோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். தெலுங்குக்கும் உருதுவுக்கும் கிடைத்த முடிவைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. தமிழில் ஒரு கருவி செய்கிறவர் தமிழிலேயே அளக்க வேண்டும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்

எப்படி அளப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

வடகீழ்ப் பருவமழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும் காலம் நமக்குத் தெரியும். டெங்கு பற்றிய கேள்விகளுக்குத் தமிழில் விடை சொல்லும் ஒரு கருவியை யாரோ செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "காய்ச்சலுக்கு எந்த மாத்திரை கொடுக்கலாம்?", "எப்போது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?" போன்ற கேள்விகள் அதற்கு வரும். வீட்டில் இருக்கும் உம்மாமார் அந்த விடையை நம்பி நடக்கக்கூடும். ஆகவே கருவியில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு தடவையும் 200 கேள்விகளைக் கொடுத்து, வரும் விடைகளைத் திருத்திப் பார்க்கிறார்கள். இதுதான் அவர்களுடைய வழமையான மதிப்பீடு.

முதல் வேலையை மனிதர்கள்தான் செய்ய வேண்டும். விடயம் தெரிந்த இருவர் அந்த 200 விடைகளையும் தனித்தனியாக, ஒருவர் இட்டதை மற்றவர் பாராமல் திருத்துகிறார்கள். 192 விடைகளில் இருவரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். மிகுதி 8 விடைகளையும் பேசித் தீர்க்கிறார்கள். முடிவில் 160 விடைகள் சரி, 40 விடைகள் பிழை. இதுவே நம் அளவுகோல். மனிதர்களே 96 வீதம்தான் ஒத்துப்போனார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மொடலிடம் நூற்றுக்கு நூறு எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

அடுத்து, அதே 200 விடைகளைப் பெரிய மொடலிடமும் சிறிய மொடலிடமும் கொடுக்கிறோம். இரண்டுக்கும் ஒரே அறிவுறுத்தல், ஒரே புள்ளித்திட்டம். ஒவ்வொரு விடைக்கும் 'சரி' அல்லது 'பிழை' என்று சொல்ல வேண்டும். மனிதர்களின் முடிவு மொடல்களுக்குத் தெரியக் கூடாது. பெறுபேறு இப்படி வருகிறது என்று கொள்வோம்.

| | பெரிய மொடல் | சிறிய மொடல் |
|---|---|---|
| பிழையான 40 விடைகளில் 'பிழை' என்று பிடித்தது | 34 | 24 |
| சரியான 160 விடைகளில் 'சரி' என்று ஏற்றது | 154 | 156 |
| மொத்தம் மனிதரோடு ஒத்தது | 188 | 180 |
| ஒத்த வீதம் | 94% | 90% |

கடைசி வரியை மட்டும் பார்ப்பவர், "இழப்பு 4 வீதம்தான், விலையோ எவ்வளவோ குறைவு, சிறியதே போதும்" என்று முடிவு செய்துவிடுவார். பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

இப்போது ஒரு விளையாட்டாக, எதையும் வாசிக்காமல் எல்லா விடைக்கும் 'சரி' என்று சொல்லும் ஒரு பரீட்சகரை எண்ணிப் பாருங்கள். 160 விடைகள் உண்மையில் சரியானவை என்பதால் அவருக்கு 80 வீதம் கிடைத்துவிடும். ஒரு பிழையைக்கூடப் பிடிக்காதவருக்கு 80! அப்படியென்றால் 90 என்பது பார்வைக்குத் தெரியும் அளவு பெரிய எண்ணல்ல. சரியான விடைகள் நிறைந்த தொகுதியில் ஒத்த வீதம் எப்போதும் உயர்ந்தே தோன்றும்.

ஆகவே முதல் வரிக்குப் போக வேண்டும். நாம் பரீட்சகரை வைப்பதே பிழையைப் பிடிக்கத்தான். பெரிய மொடல் 40 பிழைகளில் 6ஐத் தவறவிட்டது. சிறிய மொடல் 16ஐத் தவறவிட்டது. அதாவது 15 வீதம் தவறியது 40 வீதமாக ஆகிவிட்டது. 4 வீத இழப்பு என்று சொன்னதற்குள் ஒளிந்திருந்தது இதுதான். சரியான விடைகளை ஏற்பதில் சிறிய மொடல் பெரியதைவிடச் சற்று நன்றாகவே செய்திருக்கிறது, ஏனெனில் அது எதையும் இலகுவில் சந்தேகிப்பதில்லை. அந்தத் தாராளம்தான் அதன் மொத்தப் புள்ளியை உயர்த்திக் காட்டியது.

இந்த வித்தியாசம் தற்செயலா?

200 விடைகள் என்பது சிறிய மாதிரிதான். வேறு 200 விடைகளை எடுத்திருந்தால் எண்கள் மாறியிருக்கும். ஆகவே நாம் காணும் வித்தியாசம் உண்மையானதா, அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று கேட்க வேண்டும்.

இரு மொடல்களும் அதே விடைகளைத் திருத்தியதால் இதற்கு ஓர் இலகுவான வழி இருக்கிறது. இரண்டும் சரியாகத் திருத்தியவற்றையும், இரண்டும் தவறாகத் திருத்தியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். அவை வித்தியாசம் பற்றி எதுவும் சொல்லா. ஒன்று சரியாகவும் மற்றது தவறாகவும் திருத்தியவற்றை மட்டும் எண்ணுங்கள். நம் எடுத்துக்காட்டில் அப்படி 18 விடைகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 13இல் பெரியது சரி, 5இல் சிறியது சரி.

இரண்டும் சமமான திறமையுள்ளவை என்றால் இந்த 18உம் நாணயம் சுண்டுவது போல இரு பக்கமும் விழ வேண்டும். ஒரு நாணயத்தை 18 தடவை சுண்டினால், ஏதோ ஒரு பக்கம் 13 தடவையோ அதற்கு மேலோ விழுவது 100 முறையில் ஏறக்குறைய 10 முறை நடக்கக்கூடியது. ஆகவே மொத்தத் துல்லியத்தில் பெரியது மேல் என்று இந்த 200 விடைகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் பிழையான 40 விடைகளை மட்டும் எடுத்தால் கதை மாறுகிறது. அங்கே இரண்டும் வேறுபட்டவை 14. அவற்றில் 12ஐப் பெரியது மட்டும் பிடித்தது, 2ஐச் சிறியது மட்டும் பிடித்தது. 14 சுண்டல்களில் ஒரு பக்கம் 12 அல்லது அதற்கு மேல் விழுவது 100 முறையில் ஒரு முறையளவில்தான் நடக்கும். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. மொத்த எண் மங்கலாகக் காட்டியதை, சரியான இடத்தில் கேட்ட கேள்வி தெளிவாகக் காட்டிவிட்டது.

எந்தப் பிழைகள் தவறின?

எண்ணிக்கை தெரிந்த பின் அந்த 16 விடைகளையும் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். இந்த வேலையைச் சுருக்கிவிட முடியாது. சிறிய மொடல்கள் தமிழில் எங்கே சறுக்கும் என்பதற்கு நம் மொழியின் அமைப்பே சில தடயங்களைத் தருகிறது.

டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கும் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாம். அஸ்பிரினும் ஐபுபுரூபனும் கொடுக்கக் கூடாது, அவை குருதிக்கசிவு ஆபத்தைக் கூட்டும். இப்போது "ஐபுபுரூபன் கொடுக்கலாம்", "ஐபுபுரூபன் கொடுக்கக் கூடாது" என்ற இரு வசனங்களையும் பாருங்கள். மருந்தின் பெயரும் வினையும் ஒன்றுதான். முழுப் பொருளையும் தலைகீழாக்குவது வசனத்தின் வால்தான். நீண்ட விடை ஒன்றில், மற்ற ஒன்பது வசனங்களும் அழகாகவும் சரியாகவும் இருக்கும்போது, இந்த வாலைச் சிறிய மொடல் கவனியாமல் விடக்கூடும்.

எண்களும் அப்படித்தான். மருந்துக்கு இடையே 6 மணித்தியாலம் இருக்க வேண்டிய இடத்தில் 2 என்று இருந்தாலும் வசனம் சரளமாகவே வாசிக்கப்படும். இன்னும் நுட்பமான ஒன்று, "காய்ச்சல் குறைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது" என்ற விடை. பொது அறிவுக்கு இது சரியாகப் படும். டெங்குவில் இது பிழை, ஏனெனில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடும். வயிற்றுவலி, விடாத வாந்தி, குருதிக்கசிவு, சோர்வு ஆகியவற்றை அப்போதுதான் கவனிக்க வேண்டும். பாடம் தெரியாத பரீட்சகர் நல்ல கையெழுத்துக்குப் புள்ளி கொடுப்பது போல, சிறிய மொடல் நல்ல நடைக்குப் புள்ளி கொடுத்துவிடும்.

நம் கணக்கில், தவறிய 16இல் 11 விடைகள் மருந்து, அளவு, ஆபத்து அறிகுறி ஆகியவை பற்றியவை என்று கொள்வோம். மிகுதி 5உம் நுளம்பு பெருகும் இடம், நீர்த்தாங்கியைக் கழுவும் முறை போன்றவை பற்றிய சிறு பிழைகள். இரண்டு வகையும் அட்டவணையில் ஒரே மாதிரி 'ஒரு பிழை' என்றுதான் எண்ணப்படும். ஒரு குழந்தைக்கு நேரக்கூடிய தீங்கில் அவை ஒன்றல்ல.

சிறியதையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

இத்தனைக்கும் பிறகு பெரிய மொடலுக்கே போய்விட வேண்டும் என்று முடிவு செய்யத் தேவையில்லை. இழப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் பெரியதைப் பயன்படுத்தலாம். பரீட்சை வினாத்தாளில் பல்தேர்வுப் பகுதியை ஒருவரும் கட்டுரைப் பகுதியை அனுபவமுள்ள ஒருவரும் திருத்துவது போன்ற ஒழுங்கு இது.

200 கேள்விகளில் மருந்து, அளவு, ஆபத்து அறிகுறி பற்றியவை 50 என்போம். இந்த 50ஐயும் நேரே பெரிய மொடலிடம் கொடுக்கிறோம். மற்ற 150ஐச் சிறியது திருத்துகிறது. அந்த 50இல் சிறியது 11 பிழைகளைத் தவறவிட்டது, பெரியது 2ஐ மட்டும் தவறவிட்டது என்றால், இப்போது மொத்தம் தவறுவது 2உம் 5உம் சேர்ந்து 7. எல்லாவற்றையும் பெரியதிடம் கொடுத்தபோது 6 தவறியது. ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டோம்.

செலவைப் பாருங்கள். ஒரு விடையைத் திருத்தச் சிறியதற்கு 1 ரூபாவும் பெரியதற்கு 20 ரூபாவும் என்று வைத்தால், எல்லாவற்றையும் பெரியதிடம் கொடுக்க 4,000 ரூபா. எல்லாவற்றையும் சிறியதிடம் கொடுக்க 200 ரூபா. கலந்து செய்தால் 150உம் 1,000உம் சேர்ந்து 1,150 ரூபா, அதாவது மூன்றில் ஒரு பங்கிலும் குறைவு. வாரத்துக்குப் பல தடவை செய்யும் வேலையில் இது சிறிய சேமிப்பல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எந்தக் கேள்விகளைப் பெரியதிடம் அனுப்புவது என்ற விதியை இந்த 200 விடைகளைப் பார்த்துத்தான் அமைத்தோம். அதே 200இல் அந்த விதி நன்றாக வேலை செய்வதில் வியப்பில்லை, வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதியது போல. மனிதர் திருத்திய புதிய தொகுதி ஒன்றில் அதைச் சோதித்த பின்பே நம்பலாம்.

புதிய தொகுதியில் போதிய பிழையான விடைகள் இல்லாவிட்டால் என்ன செய்வது? அங்கேதான் சென்னை ஆய்வாளர்களின் முறை கைகொடுக்கிறது. சரியான விடைகளை எடுத்து நாமே பிழை புகுத்தலாம். 'கூடாது' என்பதை 'லாம்' ஆக்கலாம், 6ஐ 2 ஆக்கலாம், ஒரு ஆபத்து அறிகுறியை நீக்கிவிடலாம். எது பிழை என்று நமக்கு முன்பே தெரிவதால் மனிதர்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டிய வேலை குறைகிறது. ஆனால் இப்படிச் செய்த பிழைகள் கருவி தானாகச் செய்யும் பிழைகளைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே இதைத் துணையாகக் கொள்ளலாம், பதிலாகக் கொள்ளக் கூடாது.

ஒரு தடவை அளந்தால் போதாது

சிறிய மொடலைத் தெரிவு செய்து, இழப்பையும் அளந்து எழுதி வைத்துவிட்டோம். அதன் பிறகும் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று, திருத்தும் மொடலே மாறுவது. மொடல்களை வழங்கும் நிறுவனங்கள் காலத்துக்குக் காலம் புதிய பதிப்புகளை வெளியிட்டுப் பழையவற்றை நிறுத்துகின்றன. பதிப்பு மாறினால் நேற்றைய பரீட்சகரின் இடத்தில் வேறொருவர் வந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். மனிதர் திருத்திய அந்த 200 விடைகளையும் பத்திரமாக வைத்திருந்தால், புதிய பதிப்பை ஒரு மணித்தியாலத்துக்குள் மறுபடி அளந்துவிடலாம்.

மற்றது, திருத்தப்படும் கருவி மாறுவது. இது கண்ணுக்கு எளிதில் தெரியாது. நம் சிறிய மொடல் 200 விடைகளில் 28ஐ மட்டுமே 'பிழை' என்று சொன்னது. அதில் 24 உண்மையான பிழை, 4 சரியான விடைமீது வீணாக இட்ட பிழை. உண்மையில் 40 பிழைகள் இருந்தன. கருவியைத் திருத்தியமைத்த பின் அடுத்த தடவை 20 என்று வந்தால் முன்னேற்றம் என்று மகிழ்வோம். ஆனால் நுளம்பு பற்றிய பிழைகள் குறைந்து, 'கொடுக்கலாம்', 'கூடாது' என்பதில் வரும் பிழைகள் கூடியிருந்தால்? சிறிய மொடலுக்குத் தெரியாத இடத்துக்குப் பிழைகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். எண் குறைந்திருக்கிறது, ஆபத்து கூடியிருக்கிறது.

இதை அறிய ஒரே வழி, ஒவ்வொரு மதிப்பீட்டிலும் சிறிய மொடல் 'சரி' என்று சொன்ன விடைகளில் ஒரு பகுதியை எழுமாற்றாக எடுத்து மனிதர் ஒருவர் வாசிப்பதே. 'பிழை' என்று சொன்னவற்றை எப்படியும் யாராவது பார்ப்பார்கள். தவறிய பிழைகள் இருப்பதோ 'சரி' என்ற குவியலில். ஒவ்வொரு தடவையும் அந்தக் குவியலிலிருந்து 20 விடைகளை வாசித்தாலே, சில வாரங்களில் போக்கு தெரிந்துவிடும்.

ஆகவே, "சிறிய மொடல் 90 வீதம் துல்லியமானது" என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எதோடு ஒப்பிட்டு 90 என்று சொல்கிறீர்கள்? பிழையான விடைகளில் எத்தனையைப் பிடித்தது? தவறவிட்டவை எவை? முதல் கேள்விக்கு மனிதர் திருத்திய ஒரு தொகுதி வேண்டும். இரண்டாவதற்கு ஓர் அட்டவணை போதும். மூன்றாவதற்கு, அந்த 16 விடைகளையும் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும்.